கடைசித் தேர்விலிருந்து முதல் பாடவேளைக்கு: ஒரு கணக்குப் பாடத்தைப் பின்னிருந்து திட்டமிடும் முறை

தருமபுரிப் பக்கம் குறுவள மையக் கூட்டங்களில் புதிதாக வந்த ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் திட்டமிடும்போது ஒரே காட்சிதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பாடநூலைத் திறந்து, முதல் பக்கத்தில் என்ன செயல்பாடு செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். முதல் மூன்று நாளுக்கு நல்ல செயல்பாடுகள் கிடைத்துவிடுகின்றன. கடைசி இரண்டு நாளில் மீதிப் பயிற்சிக் கணக்குகளை அவசரமாக முடித்து, பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து தேர்வு வைக்கிறார்கள். தேர்வு கேட்பது ஒன்று, வகுப்பில் நடந்தது இன்னொன்று.

இதைத் திருப்பிப் போட வேண்டும். பிள்ளைகள் கடைசியில் எதைச் செய்து காட்ட வேண்டுமோ அந்த வினாவை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கி நடந்து முதல் பாடவேளைக்கு வந்து சேர வேண்டும். பொதுவாகச் சொன்னால் இது கைக்கு வராது. அதனால் ஏழாம் வகுப்புப் புள்ளியியலில் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு முழுத் திட்டத்தையும் கீழே போட்டுக் காட்டுகிறேன். தரவு தக்காளி விலை. பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாடநூல், பாடத்தின் தொடக்கத்தில் அச்சிட்டிருக்கும் கற்றல் நோக்கங்கள், சென்ற ஆண்டுத் தொகுத்தறி மதிப்பீட்டு வினாத்தாள் ஒன்று. இவற்றோடு உங்கள் வகுப்பின் கணக்கு நோட்டுகள் மூன்று வேண்டும்: நன்றாகப் போடுபவர் ஒருவர், நடுவில் இருப்பவர் ஒருவர், தடுமாறுபவர் ஒருவர். திட்டம் போடும்போது கற்பனையில் இருக்கும் பிள்ளைக்காகத் திட்டமிடாமல் இருக்க இந்த நோட்டுகள் உதவும்.

அப்புறம் நாட்காட்டி. இந்தப் பாடத்துக்கு உண்மையில் எத்தனை பாடவேளை கிடைக்கும் என்று, விடுமுறை, பள்ளி விழா எல்லாம் கழித்து எண்ணுங்கள். இங்கே 9 பாடவேளை என்று வைத்துக்கொள்கிறேன். இந்த எண் முன்கூட்டியே தெரியாவிட்டால் பின்னோக்கி எண்ணவே முடியாது.

2. ஒரே வாக்கியத்தில் இலக்கை எழுதுங்கள்

"சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியவற்றைப் புரிந்துகொள்வர்" என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். புரிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. பிள்ளை என்ன செய்தால் புரிந்தது என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை எழுதுங்கள்.

நான் எழுதும் இலக்கு இது: "ஒரு தரவுக்கு மூன்று அளவுகளையும் கண்டுபிடித்து, கேட்கும் ஆளின் தேவைக்கு எந்த அளவு பொருந்தும் என்று காரணத்தோடு சொல்வர்." இதில் மூன்று வினைகள் இருக்கின்றன: கண்டுபிடித்தல், தேர்ந்தெடுத்தல், காரணம் சொல்லல். பாடநூல் பயிற்சிகளில் பெரும்பாலும் முதல் வினைக்குத்தான் வேலை. மற்ற இரண்டுக்கும் நீங்கள் இடம் ஒதுக்கவில்லை என்றால் அவை நடக்காமலேயே பாடம் முடிந்துவிடும்.

3. கடைசித் தேர்வை இப்போதே முழுதாக எழுதுங்கள்

"தக்காளி விலை வைத்து ஒரு வினா" என்று குறிப்பு மட்டும் எழுதி வைத்தால் போதாது. வகுப்பில் கொடுக்கும் அதே வடிவில், எண்களோடு எழுத வேண்டும். எண்களைப் போடும்போதுதான் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது வெளியே வரும். இதோ என் வினா, 10 மதிப்பெண்ணுக்கு:

ஒன்பது நாளில் ஒரு கிலோ தக்காளியின் விலை (ரூபாயில்): 12, 14, 12, 15, 13, 12, 14, 16, 45.

அ) சராசரி, இடைநிலை அளவு, முகடு காண்க. (3)

ஆ) ஒருவர் தன் தக்காளியை ஏதோ ஒரு நாள் மட்டும் கொண்டுபோய் விற்கப்போகிறார். "என்ன விலை எதிர்பார்க்கலாம்?" என்று கேட்கிறார். எந்த அளவைச் சொல்வாய்? ஏன்? (3)

இ) கடைசி நாள் விலை 45 அல்ல, 18 என்று பிறகு தெரிகிறது. மூன்று அளவுகளில் எது மாறும், எது மாறாது? (2)

ஈ) இன்னொருவர் ஒன்பது நாளும் நாளுக்கு 100 கிலோ, 45 ரூபாய் போன நாளிலும்கூட, விற்றிருக்கிறார். அவருக்கு வந்த மொத்தப் பணத்தைக் கணக்கிட எந்த அளவு உதவும்? (2)

விடைகள்: கூட்டுத்தொகை 153, சராசரி 17. வரிசைப்படுத்தினால் 12, 12, 12, 13, 14, 14, 15, 16, 45. ஐந்தாவது எண் 14, அதுவே இடைநிலை அளவு. முகடு 12. சராசரி 17 என்றாலும் ஒன்பதில் எட்டு நாள் விலை 16-ஐத் தாண்டவில்லை. ஆகவே (ஆ)-வுக்கு 14 பொருத்தம். (இ)-யில் கூட்டுத்தொகை 27 குறைவதால் சராசரி 3 குறைந்து 14 ஆகும். மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். (ஈ)-க்குச் சராசரிதான் வேண்டும்: 17 × 900 = 15,300 ரூபாய்.

(ஈ) ஏன் இருக்கிறது என்று கேட்கலாம். அது இல்லாவிட்டால் "சராசரி தப்பு, இடைநிலை அளவு சரி" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். எந்த அளவும் தன்னளவில் உயர்ந்ததல்ல. கேள்விக்குத் தகுந்தபடி மாறும். தினமும் விற்கும் எடை ஒரே அளவாக இருப்பதால்தான் இங்கே 17-ஐ அப்படியே பெருக்க முடிகிறது. எடை நாளுக்கு நாள் மாறினால் இந்தச் சராசரி மொத்தத் தொகையைத் தராது. அது ஏழாம் வகுப்புக்கு வேண்டாம், ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4. ஒவ்வொரு தவறும் தனி எண்ணாக வெளிவரும்படி தரவை அமையுங்கள்

புதியவர்கள் அதிகம் கவனிக்காத படி இது. மேலே உள்ள எண்களை வாய்க்கு வந்தபடி போடவில்லை. பிள்ளை தவறு செய்தால், எந்தத் தவறு என்பதை விடையே சொல்லும்படி அடுக்கியிருக்கிறேன்.

வரிசைப்படுத்தாமல் நடு எண்ணை எடுப்பவர் இடைநிலை அளவு 13 என்று எழுதுவார், ஏனென்றால் கொடுத்த வரிசையில் ஐந்தாவதாக நிற்பது 13. முகடு 3 என்று எழுதுபவர், எத்தனை முறை வந்தது என்பதையே விடையாக நினைக்கிறார். சராசரி 19 சொச்சம் என்று வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: திரும்ப வரும் எண்களை ஒரு முறை மட்டும் கூட்டி 115-ஐ 6-ஆல் வகுத்திருப்பார், இல்லையென்றால் 153-ஐ 8-ஆல் வகுத்திருப்பார். செய்முறையைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எண்களைச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 7, 2, 9, 4 என்ற தரவின் இடைநிலை அளவைக் கேட்கிறீர்கள். வரிசைப்படுத்தினால் நடுவில் 4, 7; சராசரி 5.5. வரிசைப்படுத்தாமல் நடுவில் 2, 9, அதுவும் 5.5. வகுப்பே சரியான விடை எழுதும், பாதிப்பேருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கும். 8, 1, 9, 4 என்று கொடுங்கள்: சரியான விடை 6, வரிசைப்படுத்தாதவர் விடை 5. ஆகவே வினா எழுதியதும் அதைத் தவறாகவும் போட்டுப் பாருங்கள். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் எண்ணை மாற்றுங்கள்.

5. மதிப்பெண் எப்படி என்பதைப் பிள்ளை எழுதும் வாக்கியத்தில் முடிவு செய்யுங்கள்

(ஆ) வினாவுக்குப் பிள்ளைகள் எழுதக்கூடிய மூன்று விடைகளை நீங்களே எழுதிப் பாருங்கள்.

"14 சொல்வேன், ஏனென்றால் அது நடுவில் இருக்கிறது." அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஆனால் சொன்னது வரையறை, காரணம் அல்ல. 1 மதிப்பெண்.

"14 சொல்வேன், 45 ரொம்ப அதிகம்." காரணத்தின் வாசலுக்கு வந்துவிட்டார். 2 மதிப்பெண்.

"ஒரு நாள் மட்டும் 45 வந்ததால் சராசரி 17-க்கு ஏறிவிட்டது. மற்ற எட்டு நாளும் 16-க்கு மேல் போகவில்லை. அதனால் 14." 3 மதிப்பெண்.

முகடு 12 என்று சொல்லி, "அடிக்கடி வந்த விலை அதுதான், குறைத்து எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது" என்று தரவைக் காட்டி எழுதினால்? நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இப்படிப்பட்ட முடிவுகளை விடைத்தாள் திருத்தும்போது எடுத்தால் ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு ஒரு நியாயம் ஆகிவிடும்.

நம் மாவட்டங்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் பலர். காரணம் மனத்தில் தெளிவாக இருக்கும், தமிழில் மூன்று வரி எழுதத் தடுமாறுவார்கள். இந்த வினா அளக்க வேண்டியது கணக்கை. அதனால் (ஆ)-வுக்கு வாயால் சொல்ல அனுமதி உண்டு என்று முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். அல்லது "சராசரி ____ ஆகக் காரணம் ____" என்று பாதி வாக்கியம் கொடுங்கள்.

6. தேர்விலிருந்து ஒரு படி, அதிலிருந்து இன்னொரு படி எனப் பின்னால் போங்கள்

இப்போது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: "இதைச் செய்ய அதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?"

(ஆ)-வுக்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், ஒரு பெரிய எண் சராசரியை இழுப்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்க்க, சராசரி என்பது எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டால் கிடைப்பது என்று தெரிய வேண்டும். "கூட்டி வகு" என்று மட்டும் தெரிந்த பிள்ளை 17 கண்டுபிடிப்பார், 17 ஏன் ஏறியது என்று சொல்ல மாட்டார். அதற்கும் முன்னால் கூட்டலும் வகுத்தலும்.

இடைநிலை அளவுக்கு வரிசைப்படுத்தல் வேண்டும். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடு இரண்டின் சராசரி வேண்டும். ஆகவே சராசரி இடைநிலை அளவுக்கு முன்னால் வந்தாக வேண்டும். பாடநூல் வரிசையைப் பின்பற்றுகிறோம் என்பதற்காக இல்லை, தேவையே அந்த வரிசையைச் சொல்கிறது.

சங்கிலியின் அடியில் வகுத்தல் வந்து நின்றது அல்லவா? அது இருக்கிறதா என்று முன்தினமே ஐந்து நிமிடத்தில் சோதியுங்கள்: 153 ÷ 9, 91 ÷ 7. பலர் தடுமாறினால் முதல் இரண்டு பாடவேளைக்குச் சிறிய எண்களையே பயன்படுத்துங்கள், வகுத்தலுக்குக் காலையில் தனி நேரம் ஒதுக்குங்கள். வகுத்தலில் தடுக்கி விழுந்த பிள்ளையைப் பார்த்து "சராசரி புரியவில்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

7. பாடவேளைகளைக் கடைசியிலிருந்து நிரப்புங்கள்

9-ஆம் பாடவேளை: விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துத் தவறு திருத்தல். இதை முதலில் பிடித்து வைக்காவிட்டால் கண்டிப்பாகக் காணாமல் போகும்.

8: தேர்வு.

7: ஒத்திகை. அதே வடிவம், வேறு தரவு. ஊருக்கு வரும் பேருந்து ஏழு நாள் எத்தனை நிமிடம் தாமதம்: 8, 3, 10, 5, 56, 3, 6. சராசரி 13, இடைநிலை அளவு 6, முகடு 3. இங்கே தக்காளி விலையைக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் தேர்வில் காரணத்துக்குப் பதில் ஞாபகம் எழுதும்.

6: எந்த அளவு யாருக்கு? மூன்று சூழல், மூன்று குழு. ஒரு குழுவுக்கு காலணி அளவுகள்: 4, 5, 3, 5, 6, 5, 4, 5. சராசரி 4.625, அந்த அளவில் காலணியே கிடையாது. கடைக்காரர் எந்த அளவை அதிகம் வாங்கி வைப்பார் என்று கேட்டால் முகடு 5 தானாக வரும். ஒவ்வொரு குழுவும் "ஏனென்றால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டும். வகுப்பு அதைத் திருத்தும். இந்த ஒரு வேலை இல்லாவிட்டால் (ஆ) வினாவுக்குப் பயிற்சியே இல்லை.

5: ஓர் எண் மாறினால். இதற்கும் முதல் நாளுக்கும் புளியங்கொட்டை போதும். முதல் நாளில் ஐந்து பேர் கையில் 3, 7, 4, 10, 1 கொட்டைகள். மொத்தம் 25, சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 5. இன்று அதே ஐவர், ஆனால் 10 வைத்திருந்தவர் கையில் 35. மொத்தம் 50, சராசரி 10. ஐவரில் நால்வரிடம் 10-க்கும் குறைவு! இடைநிலை அளவோ இரண்டு முறையும் 4. இதைப் பற்றிப் பிள்ளைகள் பேசட்டும். நீங்கள் முந்திக்கொண்டு விளக்க வேண்டாம்.

4: முகடு, பிறகு மூன்றையும் ஒரே தரவில் காணல்.

3: இடைநிலை அளவு, ஒற்றைப்படை, இரட்டைப்படை இரண்டும்.

2: சராசரிக் கணக்குகள், சராசரி தெரிந்து விடுபட்ட எண்ணைக் காண்பது உட்பட.

1: புளியங்கொட்டையைச் சமமாகப் பங்கிடல். "கூட்டி வகு" என்ற விதி கடைசி ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் வாயிலிருந்தே வரட்டும்.

பாடநூல் பயிற்சிகளை 2, 3, 4-ஆம் பாடவேளைகளிலும் வீட்டுப்பாடத்திலும் பிரித்து வையுங்கள். தொகுத்தறி மதிப்பீட்டில் நேரடிக் கணக்குகளும் வரும் என்பதால் அவற்றை விட முடியாது.

8. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திப் பாருங்கள்

3-ஆம் பாடவேளை முடிவில் ஒரே வினா: 8, 1, 9, 4-இன் இடைநிலை அளவு. துண்டுத்தாளில் எழுதி வாங்கி 6, 5, மற்றவை என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும், மதிப்பெண் வேண்டாம்.

5-ஆம் பாடவேளை முடிவில் இன்னொன்று: "ஐந்து பேரில் நால்வருக்குச் சராசரியைவிடக் குறைவாக இருக்க முடியுமா?" முடியும் என்று எழுதி ஓர் உதாரணமும் கொடுத்தவருக்கு (ஆ) எட்டும் தூரத்தில் இருக்கிறது.

நிறையப் பேர் தவறினால் எதை விடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். என் கணக்கில் முதலில் விடலாம் என்பது 2-ஆம் பாடவேளையின் விடுபட்ட எண் கணக்கு. அதை வீட்டுக்கு அனுப்பலாம். அடுத்து 4-ஆம் பாடவேளையைச் சுருக்கலாம், முகடு பிள்ளைகளுக்கு எளிது. 5, 6 இரண்டையும் தொடக் கூடாது. நேரம் குறையும்போது பலரும் முதலில் வெட்டுவது இந்த இரண்டைத்தான், "கணக்கெல்லாம் முடிந்துவிட்டதே" என்று.

9. ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் அருகில் வினா எழுத்தைப் போடுங்கள்

திட்டம் முடிந்ததும் முன்னிருந்து ஒருமுறை படியுங்கள். ஒவ்வொரு செயல்பாட்டின் ஓரத்திலும் அது எந்த வினாவுக்கு உதவுகிறது என்று அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். எந்த எழுத்தும் போட முடியாத செயல்பாடு வெளியே போக வேண்டும். எழுத்து வராத வினா இருந்தால் அதற்கு ஒரு செயல்பாடு வேண்டும்.

இங்கேதான் மனது கேட்காது. வகுப்பைச் சந்தைக்கு அழைத்துப் போய் விலை கேட்டு வருவது, வண்ணத்தாளில் பட்டை விளக்கப்படம் வரைந்து சுவரில் ஒட்டுவது இரண்டும் பிள்ளைகளுக்குப் பிடித்தவை. சந்தைக்குப் போய்வர அரை நாள் போகும். அதில் கிடைப்பது ஒரே நாளின் விலை. அதைவிடக் காய்கறி போடும் வீட்டுப் பிள்ளைகள் அந்த வாரம் தினமும் கேட்டுவந்த, தக்காளி அல்லாத ஒரு காயின் விலையை வகுப்பு மூலையில் எழுதி வரட்டும், 6-ஆம் பாடவேளையில் ஒரு குழுவுக்கு அது தரவாகும். விளக்கப்படம் நம் வினாவில் எங்கும் இல்லை. அது வேறு பாடத்துக்குரியது.

தலைமையாசிரியரிடம் காட்டும் பாடக்குறிப்பையும் இந்த எழுத்துகளோடேயே எழுதலாம். கற்றல் விளைவு, மதிப்பீடு, செயல்பாடு என்று அதில் ஏற்கெனவே இருக்கும் கட்டங்களை நிரப்பும் வரிசைதான் மாறுகிறது.

10. தேர்வுக்குப் பின் விடைகளை எண்களாகப் பிரியுங்கள்

மொத்த மதிப்பெண்ணைக் கூட்டும் முன், இடைநிலை அளவு 13 எழுதியவர்கள் பெயரை ஒரு பக்கம், முகடு 3 எழுதியவர்களை ஒரு பக்கம், (அ) முழுதும் சரியாக இருந்து (ஆ)-வில் 1 மட்டும் வாங்கியவர்களை ஒரு பக்கம் எழுதுங்கள். 9-ஆம் பாடவேளையில் இந்த மூன்று குழுவுக்கும் மூன்று வெவ்வேறு வேலை. 13 குழுவுக்கு எண் அட்டைகளை வரிசையாக அடுக்கும் வேலை. 3 குழுவுக்குக் காலணிக் கணக்கு: "கடைக்காரரிடம் என்ன அளவு கேட்பாய்?" மூன்றாவது குழு தங்கள் வாக்கியத்தோடு 3 மதிப்பெண் விடையை ஒப்பிட்டு, எது குறைகிறது என்று கண்டுபிடித்துத் திருத்தி எழுதும்.

மூன்றாவது குழு பெரிதாக இருந்தால் குறை பிள்ளைகளிடம் இல்லை, 6-ஆம் பாடவேளையில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு அந்த நாளில் சூழல்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, வாக்கியம் எழுதித் திருத்தும் நேரத்தைக் கூட்டி, திட்டத்தின் ஓரத்திலேயே அதைக் குறித்து வையுங்கள்.